ஸ்டென்டர் 2 பராமரிப்பு: மார்ச் 14 இரவு முதல் 17 காலை வரை நிறுத்தம்

திருப்பூர்
06.03.2026, வெள்ளி

பெறுநர்: டையிங், ஃபினிஷிங், பிளானிங், தரக்கட்டுப்பாடு, எலக்ட்ரிக்கல், ஸ்டோர்ஸ், மனிதவளத் துறைத் தலைவர்கள், ஸ்டென்டர் சர்வீஸ் நிறுவனப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம்.

நம் 8 சேம்பர் ஸ்டென்டர் 2, மார்ச் 14 சனிக்கிழமை இரவு 10 மணிக்கு நிற்கும். 17 செவ்வாய் காலை 6 மணிக்கு மீண்டும் ஓடும். மொத்தம் 56 மணி நேரம். இதில் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்கச் சொல்லாதீர்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

காரணம் உங்களுக்கும் தெரியும். டிசம்பரில் அவசர ஷிப்மென்ட் என்று செயின் வேலையைத் தள்ளி வைத்தோம். ஜனவரியில் ஓட்டத்தின் நடுவே செயின் அறுந்து, சேம்பருக்குள் இருந்த துணி கருகியது. டிசம்பரில் தள்ளி வைக்க வேண்டாம் என்று நானும் உறுதியாகச் சொல்லவில்லை. இப்போது எக்ஸாஸ்ட் டக்ட்டைத் திறந்து பார்த்தால் பஞ்சும் எண்ணெய்ப் பிசினும் அடையாகப் படிந்திருக்கிறது. ஸ்டென்டரில் தீ பிடிப்பதற்கு இந்தப் படிவு ஒன்றே போதும். நம் ஆட்கள் நிற்பது அந்த மெஷின் பக்கத்தில்தான்.

இரண்டு ஸ்டென்டர்களுக்கும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் ஒன்றுதான். அதன் பம்ப் சீலையும் இப்போதே மாற்ற வேண்டியிருப்பதால், ஸ்டென்டர் 1-உம் சனி இரவு 10 முதல் திங்கள் காலை 6 வரை ஓடாது. பிளானிங் இதைக் கணக்கில் வைத்து, அந்த வாரம் முடிக்க வேண்டிய லாட்களைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். வெளியே ஜாப் ஒர்க் அனுப்ப வேண்டியவை எவை என்று 11ஆம் தேதி புதனுக்குள் சொல்லுங்கள். லைக்ரா கலந்த துணிகளை முடிந்தவரை நிறுத்தத்துக்கு முன்பே ஹீட் செட் செய்துவிடலாம்.

டையிங் துறைக்கு: சனி காலை 8 மணிக்குப் பிறகு புதிய லாட் ஏற்ற வேண்டாம். சாயம் போட்ட ஈரத்துணி இரண்டு நாள் டிராலியில் கிடந்தால் நிறம் நகர்ந்து திட்டுத் திட்டாகிவிடும், அப்புறம் ஷேடு யாருடைய தவறு என்று நமக்குள் பேசிப் பயனில்லை. மெஷினில் இருக்கும் லாட்கள் இரவு 10க்குள் உலர்ந்து வெளியே வந்தாக வேண்டும்.

ஹீட்டரில் அவசரம் கூடாது. பர்னரை அணைத்த பிறகும், எண்ணெய் 80 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை சர்க்குலேஷன் பம்ப் ஓடியே ஆக வேண்டும். உடனே நிறுத்தினால் காயிலுக்குள் நின்றுவிட்ட எண்ணெய் கருகிவிடும். அதனால் சனி இரவு பாய்லர் ஆபரேட்டர் ஒருவர் பம்ப் பக்கத்திலேயே இருப்பார். சூடு இறங்காமல் பம்ப்பில் யாரும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. திரும்பச் சூடேற்றுவது ஞாயிறு மாலை 6க்குத் தொடங்கி மெதுவாக நடக்கும். அதற்கு முன் ஸ்டென்டர் 2-க்குப் போகும் எண்ணெய் லைன் வால்வுகளை மூடிப் பூட்டிவிடுவோம்.

எலக்ட்ரிக்கல் துறை மெயின் பேனலை அணைத்துப் பூட்டு போட்டு, சாவியை வேலை முடியும் வரை என்னிடமே தர வேண்டும். டக்ட் முழுதாகச் சுத்தமான பிறகுதான் வெல்டிங்குக்கு அனுமதிச் சீட்டு தருவேன்.

சர்வீஸ் நிறுவனப் பொறியாளருக்கு: நீங்கள் சொன்ன 6 பேர் ஞாயிறு காலை 6 மணிக்கு கேட்டில் இருந்தால் போதும், அதற்குள் சேம்பர் ஆறியிருக்கும். செயின் இரண்டு பக்கமும் மாற்றம், தேய்ந்த பின் பிளேட்கள், ரெயில் அலைன்மென்ட், அதிர்வு அதிகமுள்ள 5 சர்குலேஷன் ஃபேன்களின் பேரிங், ரேடியேட்டரிலும் டக்ட்டிலும் உள்ள பஞ்சு என்பதுதான் பேசிய வேலை. கூடுதலாக ஏதாவது தெரிந்தால் என்னிடம் சொன்ன பிறகே தொடங்குங்கள். செயினும் பின் பிளேட்டும் 11ஆம் தேதிக்குள் நம் ஸ்டோர்ஸுக்கு வந்து, எண்ணிச் சரிபார்க்கப்பட வேண்டும். வராவிட்டால் அன்றே தேதியை மாற்றுவேன், பாகம் இல்லாமல் மெஷினைத் திறக்க மாட்டேன். உங்கள் ஆட்களின் இஎஸ்ஐ, காப்பீட்டு நகல்களையும் அதே நாளில் அனுப்பிவையுங்கள்.

மனிதவளத் துறை, ஞாயிறு வேலைக்கு வரும் நம் ஆட்களுக்கு மாற்று விடுப்பும் மூன்று வேளைச் சாப்பாடும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

செவ்வாய் அதிகாலை 2 மணிக்கு ட்ரையல். புதுச் செயினின் எண்ணெய் முதல் சில மீட்டரில் சொட்டும் என்பதால் முதலில் வேஸ்ட் துணியை ஓட்டுவோம். பிறகு தரக்கட்டுப்பாடு அகலம், ஜிஎஸ்எம், பின் தழும்பு பார்த்துக் கையெழுத்திட்டால்தான் ஆர்டர் துணி ஏறும். சுருக்கச் சோதனைக்கான சாம்பிளையும் அப்போதே எடுத்துவிடுங்கள்.

மார்ச் 12 வியாழன் மாலை 3 மணிக்கு கான்ஃபரன்ஸ் அறையில் அரை மணி நேரம் கூடுவோம். சர்வீஸ் பொறியாளரும் நேரில் வருகிறார். யாருக்காவது இந்தத் தேதியில் சிக்கல் இருந்தால், அதுவரை காத்திருக்காமல் நாளையே எனக்கு போன் செய்யுங்கள்.

நன்றி.

மேலாளர், பராமரிப்புத் துறை