நாயுடுபுரம் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு: அடுப்பு, குப்பை, கிளம்பும் நாள்

வணக்கம் கார்த்திக் சார்,

வெள்ளிக்கிழமை மதியம் 1 மணிக்கு வீடு தயாராக இருக்கும். அப்பா, அம்மா, குழந்தை எல்லாரும் வருவதாகவும் மூன்று வேளையும் வீட்டிலேயே சமைக்கப் போவதாகவும் சொன்னீர்கள். அதனால் வழக்கமாக அனுப்புவதைவிடக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். சமையல் யார் பொறுப்போ அவருக்கும் இதை அனுப்பிவிடுங்கள்.

கிளம்பும் முன் இரண்டு விஷயம். கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். epass.tnega.org தளத்தில் கார் எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கும் தடை இருக்கிறது. பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் வரி போடுவார்கள். வழியில் குடிக்க எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து வாருங்கள். வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கிறது, மேடை மேலே பெரிய எவர்சில்வர் குடமும் இருக்கிறது. இரவே குடத்தை நிரப்பி வைத்துவிட்டால் காலையில் கரண்ட் இல்லாவிட்டாலும் கவலை இல்லை.

வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கு முழங்கால் வலி என்றீர்கள். பெட்டிகளை வாட்ச்மேன் முருகன் தூக்கி வந்துவிடுவார், அம்மா மெதுவாக ஏறி வந்தால் போதும். சாவி அவரிடம்தான் இருக்கும். இரவு 10 மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார். தாமதமாகும் என்றால் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

இனி சமையலறை. கேஸ் அடுப்புக்கு இரண்டு பர்னர். சிலிண்டர் மேடைக்குக் கீழே இருக்கிறது. ரெகுலேட்டரை இரவு படுக்கும் முன் மூடிவிடுங்கள். பனியில் தீப்பெட்டி நமுத்துப்போகும், லைட்டரையே பயன்படுத்துங்கள். சமையல் நடுவில் கேஸ் தீர்ந்துவிட்டால் பதற வேண்டாம், பின் பால்கனியில் ஸ்பேர் சிலிண்டர் இருக்கிறது. நீங்களாக மாற்ற வேண்டாம், முருகன் வந்து மாற்றித் தருவார்.

முதல் நாள் எல்லாரும் ஏமாறுவது பருப்பில்தான். இந்த வீடு சுமார் 7000 அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் வேகாது. வெளியே காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள் ஏறுகிற சூடும் உங்கள் ஊரைவிடக் கொஞ்சம் குறைவுதான். மதுரையில் மூன்று விசில் விடுகிற துவரம்பருப்புக்கு இங்கே ஐந்து விடுங்கள், அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டால் இன்னும் நல்லது. திறந்த பானையில் சோறு வடிப்பது எனக்கே இங்கே சரியாக வந்ததில்லை. அரிசியையும் குக்கரிலேயே வைத்துவிடுங்கள். டீத்தூளும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும்.

இட்லி மாவு கொண்டுவருகிறீர்கள் என்றால், நன்றாகப் புளித்த மாவாகக் கொண்டுவாருங்கள். இங்கே ராத்திரி முழுக்க வெளியே வைத்தாலும் பொங்காது. போன மாதம் வந்திருந்த ஒரு பாட்டி, மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் சூடு வருகிற இடத்தில் வைத்துப் பொங்க வைத்துவிட்டார். அன்றிலிருந்து நானும் அப்படித்தான் செய்கிறேன்.

மிக்ஸியில் மூன்று ஜார் இருக்கிறது. சட்னி அரைக்கும்போது திடீரென்று நின்றுவிட்டால் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். சூடானால் தானாக நிற்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஐந்து நிமிடம் கழித்து மிக்ஸியைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் சின்னதாக ஒரு சிவப்பு பட்டன் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதை உள்ளே அமுக்கினால் மறுபடி ஓடும். இண்டக்‌ஷன் அடுப்பில் அடி தட்டையான எவர்சில்வர் பாத்திரங்களை மட்டும் வையுங்கள். கீழ் ஷெல்ஃபில் தனியாக அடுக்கியிருக்கிறேன். அலுமினிய வாணலியை வைத்தால் பீப் பீப் என்று கத்தும், சூடாகாது.

கீசர் 15 லிட்டர். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே, சிவப்பு விளக்கோடு இருக்கும். 15 நிமிடம் போட்டுவிட்டு, குளிக்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள். பச்சைத்தண்ணீர் கலந்து தாராளமாக இரண்டு பக்கெட் வரும். ஐந்து பேர் வரிசையாகக் குளிப்பதென்றால் ஒவ்வொருவருக்கும் நடுவில் கால் மணி நேரம் விடுங்கள். கீசர், ரூம் ஹீட்டர், இண்டக்‌ஷன் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் மெயின் ட்ரிப் ஆகிவிடும். வாசல் கதவுக்கு மேலே இருக்கிற பெட்டியைத் திறந்தால் ஒரு சுவிட்ச் மட்டும் கீழே இறங்கியிருக்கும். ஏதாவது இரண்டை அணைத்துவிட்டு அதை மேலே தள்ளுங்கள். பக்கத்து வீட்டிலும் வெளிச்சம் இல்லையென்றால் ஊருக்கே கரண்ட் இல்லை என்று அர்த்தம். இன்வெர்ட்டரில் விளக்குகளும் வைஃபையும் மட்டும் ஓடும்.

ரூம் ஹீட்டர் அப்பா அம்மா அறையில் இருக்கிறது. பெரிய பிளக், அதற்கான 16 ஆம்பியர் பாயின்டில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடாதீர்கள். அதன்மேல் ஈரத்துணி காயப்போட வேண்டாம், குழந்தையின் சாக்ஸ்கூட வேண்டாம். அப்புறம், குளிருக்காகவோ பார்பிக்யூவுக்காகவோ கரி அடுப்பை வீட்டுக்குள் கொண்டுவருவதை மட்டும் நான் அனுமதிப்பதில்லை. மூடிய அறையில் கரிப்புகை சூழ்ந்து தூக்கத்திலேயே உயிர் போனது இந்த ஊரிலேயே நடந்திருக்கிறது. குளிர் தாங்கவில்லை என்றால் சொல்லுங்கள், இன்னும் இரண்டு கம்பளி தருகிறேன்.

வாஷிங் மெஷின் பின் பால்கனியில். துவைக்கலாம், காயாது. மூன்று நாளில் திரும்பப் போகிறீர்கள், அழுக்குத்துணியை மதுரைக்கே கொண்டுபோய்விடுங்கள் என்பதுதான் என் யோசனை.

இப்போது குப்பை. மற்ற எதிலும் நான் கறார் பார்ப்பதில்லை, இதில் மட்டும் பார்ப்பேன். சிங்க்குக்குக் கீழே மூடி போட்ட பச்சை வாளி, நீல வாளி, கதவோரம் ஒரு சின்னச் சிவப்பு டப்பா இருக்கும். காய்த்தோல், மிஞ்சின சாப்பாடு, டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் பச்சையில். பிளாஸ்டிக் கவர் எதையும் அதில் போடாதீர்கள், கொட்டிய கவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பேப்பர், அட்டை, டப்பா, கழுவின பால் பாக்கெட் நீலத்தில். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிக் கீழே போடாமல் பாக்கெட்டோடு ஒட்டியபடியே விட்டால் புண்ணியமாகப் போகும், பிரிக்கிறவர்களுக்கு அந்தத் துணுக்குதான் பெரிய தொல்லை. குழந்தையின் டயப்பர், நாப்கின், பிளேடு, மருந்து அட்டை இதெல்லாம் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு டப்பாவில். பழைய பேப்பர் அடுக்கு டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கண்ணாடி பாட்டிலை எதிலும் போடாமல் பால்கனி மூலையில் நிறுத்தி வையுங்கள்.

காலை 7 மணிக்கு முருகன் வந்து கதவைத் தட்டுவார், வாளிகளை அவரிடம் கொடுத்தால் போதும். நகராட்சி வண்டி அதற்குப் பிறகுதான் வரும். இரவில் குப்பைப் பையை வாசலிலோ படிக்கட்டிலோ பால்கனியிலோ வைக்கவே கூடாது. பகலில் குரங்கு, இரவில் காட்டுமாடு. சென்ற ஆண்டு ஒரு குடும்பம், நாற்றம் அடிக்கிறது என்று கேரட் தோலும் பலாச்சுளைச் சக்கையுமாக ஒரு பையைக் கீழே கேட்டோரம் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள். விடியற்காலையில் பனிக்குள் கறுப்பாக ஒரு பாறை நிற்கிற மாதிரி காட்டுமாடு நின்றுகொண்டிருந்தது. வாயோரம் பாதிக் கவர் தொங்கியது. பால்காரர் ஒரு மணி நேரம் தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றார். எங்களாலும் படி இறங்க முடியவில்லை. அது கவரையும் சேர்த்து விழுங்கியதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இந்த விஷயத்தில் மனசு ஆறுவதில்லை. காட்டுமாடு சாதுவாகத்தான் தெரியும். செல்ஃபி எடுக்கப் பக்கத்தில் போகாதீர்கள்.

எண்ணெயும் குப்பைதான். வடை சுட்ட எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள், மூடி போட்ட டப்பா ஒன்று அடுப்போரம் வைத்திருக்கிறேன். தேங்காய் எண்ணெயாக இருந்தால் இந்தக் குளிரில் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும். போன டிசம்பரில் பிளம்பர் உள்ளிருந்து வெள்ளையாக, மெழுகுவத்தி மாதிரி ஒரு முழம் உருவி எடுத்தார்.

திங்கட்கிழமை காலை 11 மணிக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். அன்று மதியமே அடுத்தவர்கள் வருகிறார்கள், சுத்தம் செய்கிற செல்வி அக்கா பஸ் பிடித்து 11 மணிக்கு வந்து நின்றுவிடுவார். அதனால் நேரத்தை மட்டும் நீட்ட முடியாது. பெருக்க வேண்டாம், துடைக்க வேண்டாம், பெட்ஷீட்டை மடிக்கவும் வேண்டாம். அதற்குத்தான் உங்களிடம் காசு வாங்கியிருக்கிறேன். மடித்து வைத்தால் எது பயன்படுத்தியது என்று தெரியாமல் அக்கா திண்டாடுவார், படுத்தது படுத்தபடியே கிடக்கட்டும். ஈரத்துண்டுகளை மட்டும் பாத்ரூம் வாளியில் போட்டுவிடுங்கள்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். சாப்பிட்ட பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். குக்கர் கேஸ்கட்டைக் கழற்றிக் கழுவி மூடி மேலேயே வையுங்கள், அது காணாமல் போவதுதான் அதிகம். மூன்று குப்பை வாளிகளையும் காலி செய்து முருகனிடம் கொடுங்கள். ரெகுலேட்டர், கீசர், ஹீட்டர் மூன்றையும் அணைத்துவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜை அணைக்காதீர்கள், ஆனால் காலியாக இருக்கட்டும். மிஞ்சின பால், காய்கறி இருந்தால் முருகன் வாங்கிக்கொள்வார். ஜன்னல் கொக்கிகளை எல்லாம் மாட்டிவிடுங்கள். சமையலறை ஜன்னலைத் தள்ளித் திறக்க இங்கே ஒரு குரங்கு கற்றுவைத்திருக்கிறது. கட்டிலுக்குப் பின்னால் இருக்கிற பிளக்கில் சார்ஜரை விட்டுவிட்டுப் போகாதீர்கள். என் டிராயரில் இப்போதே ஆறு சார்ஜர் சேர்ந்துவிட்டது.

தட்டோ டம்ளரோ உடைந்தால் சொல்லிவிடுங்கள், அதற்கெல்லாம் காசு பிடிக்க மாட்டேன். துண்டுகளைப் பேப்பரில் சுற்றித் தனியாக வைத்தால் போதும், அக்கா கையில் குத்திவிடக் கூடாது. அட்வான்ஸ் 2000 ரூபாயைத் திங்கட்கிழமை மாலைக்குள் ஜிபேயில் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தை இருக்கிறது. காய்கறியை அன்று அங்கே வாங்குங்கள், மலைப்பூண்டும் கிடைக்கும். துணிப்பை இரண்டு கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. முதல் இரண்டு நாளைக்கு வேண்டியதை மட்டும் வத்தலகுண்டில் வாங்கி வாருங்கள். உப்பு, சர்க்கரை, டீத்தூள், எண்ணெய் வீட்டிலேயே இருக்கிறது. மலை ஏறும்போது அங்கங்கே சிக்னல் போய்விடும். பெருமாள்மலை வந்ததும் எனக்கு ஒரு போன் அடியுங்கள், முருகனைக் கீசர் போட்டு வைக்கச் சொல்கிறேன்.

லதா