நோன்பு மாதத்தில் வேலை நேரத்தை மட்டும் மாற்றித் தரக் கோரி

தேதி: 29.01.2026
இடம்: மணலி

பெறுநர்: யார்டு மேலாளர் அவர்கள்
அனுப்புநர்: ஜா. நைனா முகமது, ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர், ஜெனரல் ஷிப்ட்

பொருள்: ரமலான் மாதம் முழுக்கக் காலை 6:30 முதல் மாலை 3:30 வரை வேலை பார்க்க அனுமதி

ஐயா,

வணக்கம். வருகிற ரமலான் நோன்பு பிப்ரவரி 18 அல்லது 19ஆம் தேதி தொடங்கும். பிறை தெரிந்ததும் தலைமை காஜி அறிவிப்பார், அன்று இரவே உங்களுக்குப் போனில் சொல்லிவிடுகிறேன். பெருநாள் மார்ச் 20 அல்லது 21 வாக்கில் வரும். இந்த ஒரு மாதத்துக்கு லீவு வேண்டாம், நேரத்தை மட்டும் முன்னால் நகர்த்திக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் கடைசிப் பத்து நாளும் லீவு எடுத்தேன். அதில் நான்கு நாள் சம்பளப் பிடித்தம். பெருநாள் செலவு வருகிற மாதத்தில் அது கொஞ்சம் அடித்தது. இந்த வருடம் கையில் ஒன்பது நாள் லீவுதான் இருக்கிறது, மே மாதம் தங்கச்சி கல்யாணத்துக்கு அது வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் நோன்பு நேரம் நகரவே மாட்டேன் என்கிறது. வேலை இருந்தால் மதியம் தாண்டுவதே தெரியாது.

இப்போது 9 மணிக்கு வந்து 6 மணிக்குக் கிளம்புகிறேன். நோன்பு திறக்கிற நேரம் பிப்ரவரியிலும் மார்ச்சிலும் நம் ஊரில் மாலை ஆறே காலை ஒட்டி வருகிறது. அந்த நேரத்தில் சாத்தாங்காடு பக்கம் டிரெய்லர்கள் எப்படி நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். போன வருடம் ஒரு நாள் இரண்டு டிரெய்லருக்கு நடுவில் வண்டியோடு மாட்டிக்கொண்டபோது பாங்கு சத்தம் கேட்டது. சட்டைப் பையில் ஒரு பேரீச்சம்பழம் இருந்தது, தண்ணீர் இல்லை. மேலே கேபினில் இருந்த டிரைவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டிலை இறக்கிக் கொடுத்தார். அவர் பேர்கூடக் கேட்கவில்லை. பழைய வண்ணாரப்பேட்டைக்குப் போய்ச் சேரும்போது ஏழு மணி. பள்ளிவாசலில் அசருக்கு அப்புறம் வாங்கி வைத்த நோன்புக் கஞ்சி தூக்குவாளியில் ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது.

நேரம் மாற்றினால் இது சரியாகும். விடியுமுன் சாப்பிடுகிற ஸஹர் முடிகிற நேரம் ஆரம்பத்தில் ஐந்தே கால் வாக்கில், மாதக் கடைசியில் ஐந்து மணி வாக்கில். பஜ்ர் தொழுதுவிட்டு ஆறு மணிக்குள் கிளம்பினால், ரோடு காலியாக இருக்கும், 6:30க்கு யார்டில் இருப்பேன். 11:30 முதல் 12:30 வரை இடைவேளை. சாப்பாடு இல்லாததால் கொஞ்ச நேரம் படுத்துவிட்டு, லுஹர் தொழுதுவிட்டு வந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் ஜும்ஆ இருப்பதால் 10 மணிக்கு அரை மணி நேரம், 12:45 முதல் 1:45 வரை ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு, அன்று 4 மணிக்குக் கிளம்புகிறேன். எந்த நாளும் எட்டு மணி நேர வேலை குறையாது.

ஃபோர்க்லிஃப்ட் என்பதால் இதைக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன். நோன்பில் காலையில் உடம்பு நன்றாகவே இருக்கும். மூன்று மணிக்கு மேல் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நாக்கு ஒட்டும், கவனம் தளரும். மாஸ்ட்டை உயர்த்தி மூன்றாவது அடுக்கில் பேலட் வைக்கிற வேலைக்கு அது ஆகாது. அதனால்தான் பின்னேர வேலையைக் காலைக்குத் தள்ளக் கேட்கிறேன். அப்படியும் ஒரு நாள் தலை சுற்றுகிற மாதிரி இருந்தால் வண்டியை ஓரம் கட்டி, ஃபோர்க்கைத் தரையில் இறக்கிவிட்டு, சாவியை சூப்பர்வைசரிடம் கொடுத்துவிடுவேன். உடம்புக்கு முடியாதபோது நோன்பை விட்டுப் பிறகு ஒரு நாள் பிடிக்க மார்க்கத்திலேயே இடம் இருக்கிறது. கீழே நிற்கிற லோடுமேனுக்கு அந்த வசதி இல்லை.

காலை 6:30க்கு வந்து என்ன செய்வாய் என்று கேட்பீர்கள். நைட் ஆபரேட்டர் 6 மணிக்குப் போனால் அடுத்த ஆபரேட்டர் வர 9 ஆகிறது. ராத்திரி வந்து இறங்கிய சரக்கு அதுவரை நடைபாதையில்தான் கிடக்கிறது. கஸ்டம்ஸ் அதிகாரி சரக்கைப் பார்க்க வருவதற்குள் அன்றைக்குத் திறக்க வேண்டிய பெட்டிகளை முன்னால் எடுத்து அடுக்கி வைத்துவிடலாம். லேபர் கேங்க் 8 மணிக்கு வந்து ஒரு மணி நேரம் பீடியும் டீயுமாக ஆபரேட்டருக்குக் காத்திருப்பதும் நிற்கும். பேட்டரிக்குத் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில், செயின், பிரேக், ஹாரன் எல்லாம் அவசரம் இல்லாமல் பார்த்து லாக் புக்கில் எழுதலாம். சாவி செக்யூரிட்டியிடம் இருந்தால் போதும்.

மாலை 3:30 முதல் 6 வரை பி ஷிப்ட் முருகன் அண்ணன் என் வண்டியையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். கார்த்திகையில் அவரும் இன்னும் இரண்டு பேரும் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தபோது, சாயங்காலப் பூஜைக்கு அவர்கள் சீக்கிரம் போக நான் இருந்து பார்த்தேன். அந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் இல்லை, அவருக்குத்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு அவர் காவடி எடுக்கிறார், அந்த மூன்று நாளும் அவர் ஷிப்டை நான் எடுத்துக்கொள்வேன். கப்பலுக்கு கட்-ஆஃப் இருக்கிற நாளில் ஏற்றுமதிச் சரக்கு நெருக்கினால் 4:30 வரை நிற்கிறேன். அதற்கு மேல் நிறுத்த வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

முக்கியமாக ஒன்று. போன வருடம் சூப்பர்வைசர் வாயால் அனுமதித்து நான்கு நாள் சீக்கிரம் போனேன். பயோமெட்ரிக்கில் ஜெனரல் ஷிப்ட் என்றே இருந்ததால் நான்கும் அரை நாளாக விழுந்தது. அதைத் திருத்தி வாங்க ஒரு மாதம் டைம் ஆபீஸுக்கு நடந்தேன். இந்த முறை முதல் நாளுக்கு முன்பே என் நம்பருக்கு ஷிப்ட் நேரத்தை மாற்றச் சொல்லிவிட்டால் நல்லது.

லீவு என்று நான் கேட்பது இரண்டே நாள். பெருநாள் அன்று ஒன்று. ரமலானின் 27ஆம் இரவு முழுக்கத் தொழுகை இருப்பதால் விடிந்த பிறகு வண்டி ஓட்டக் கூடாது, அதற்கு ஒன்று. நோன்பு 19ஆம் தேதி தொடங்கினால் அது மார்ச் 17, செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு நாளை என் கேஷுவல் லீவில் கழித்துக்கொள்ளலாம்.

முதல் வாரம் பாருங்கள். யார்டு வேலை எங்காவது தடைப்பட்டால் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நேரத்தைப் பேசி மாற்றிக்கொள்வோம். பிப்ரவரி 10க்குள் பதில் தெரிந்தால் முருகன் அண்ணனும் தன் வீட்டில் சொல்லி வைக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஜா. நைனா முகமது

நகல்: டைம் ஆபீஸ்

மேலே சொன்னபடி மாலை 3:30 முதல் 6 வரை பார்த்துக்கொள்ளச் சம்மதம். பங்குனி உத்திரத்துக்கு மூன்று நாள் என்பதையும் குறித்துக்கொள்ளவும்.
முருகன், பி ஷிப்ட்