கேரட் ஹார்டின், ‘பொதுநிலத்தின் அவலம்’ (‘சயன்ஸ்’ இதழ், டிசம்பர் 1968): வாசிப்பு வட்டத்துக்கான சுருக்கம்

மக்கள்தொகைப் பெருக்கத்துக்குத் தொழில்நுட்பத்தில் தீர்வு கிடையாது, ஒழுக்கநெறியே மாற வேண்டும் என்று உயிரியலாளர் ஹார்டின் இக்கட்டுரையில் வாதிடுகிறார். அவரவர் தம் நலம் பார்த்தால் ஊர் நலம் தானே விளையும் என்ற ஆடம் ஸ்மித் வழிவந்த நம்பிக்கை இங்கே பலிக்காது என்கிறார். அதைக் காட்ட, ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஃபார்ஸ்டர் லாயிட் 1833இல் வெளியிட்ட சிறுநூலிலிருந்து ஓர் உவமையை எடுத்து விரிக்கிறார்: யாவருக்கும் திறந்துகிடக்கும் மேய்ச்சல் நிலத்தில் ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டால் லாபம் முழுதும் மாட்டுக்காரருக்கு, புல் குறையும் நட்டமோ எல்லார் தலையிலும் பங்காகிறது, ஆகவே ஒவ்வொருவரும் மாட்டைக் கூட்டிக்கொண்டே போக, நிலம் பாழாகும். ‘அவலம்’ என்று அவர் குறிப்பது வருத்தத்தை அல்ல, நிகழ்வுகள் இரக்கமின்றி நடந்தேறுவதை. மாசுபாட்டுக்கும் இதே கணக்கைப் பொருத்துகிறார். மனசாட்சியிடம் முறையிடுவது வீண் என்பது அவர் கணிப்பு: கேட்பவர்கள் பிள்ளைகளைக் குறைவாகப் பெற, கேளாதவர்களின் சந்ததியே பெருகும். பாதிக்கப்படுவோரில் பெரும்பான்மையினர் கூடி ஒப்புக்கொள்ளும் கட்டாயமே அவர் முன்வைக்கும் வழி. தனியுடைமையும் வாரிசுரிமையும் சேர்ந்த ஏற்பாடு அநீதியானது என்று ஒப்புக்கொண்டே, முழு அழிவைவிட அநீதி மேல் என்கிறார். குடும்ப அளவைக் குடும்பமே தீர்மானிக்கட்டும் என்ற ஐ.நா. நிலைப்பாட்டை மறுத்து, பிள்ளை பெறும் சுதந்திரத்தைக் கைவிட வேண்டும் என்று முடிக்கிறார்.

இனி வருவது என் கருத்து. முதல் வரைவில் ‘பொதுநிலங்களைத் தனியாருக்கு விற்கச் சொல்கிறார்’ என்று எழுதியிருந்தேன். திரும்பப் படித்ததும் அடித்துவிட்டேன். தேசியப் பூங்காக்களைப் பற்றிப் பேசுமிடத்தில் விற்பனை, ஏலம், தகுதி, குலுக்கல், முதலில் வந்தவருக்கு முதலில் என்று பல வழிகளை வரிசையாக வைக்கிறார்; விற்பனை அவற்றில் ஒன்றுதான். மாட்டுக் கதையை மட்டும் பிடித்துக்கொண்டு மேற்கோள் காட்டுகிறவர்கள், கட்டுரையின் பாரம் முழுதும் பிள்ளைப்பேற்றின் மேல்தான் விழுகிறது என்பதை விட்டுவிடுகிறார்கள். மனசாட்சி பற்றிய கணிப்புதான் எனக்கு மிக பலவீனமாகப் படுகிறது. ஆதாரமாக ஒரு தரவும் அங்கே இல்லை. இன்னொன்று: திறந்துகிடக்கும் நிலமும் பொதுநிலமும் ஒன்றல்ல. எங்கள் பக்கத்து ஏரிகளில் நீர்க்கட்டி மடை திறந்து முறைவைத்துத் தண்ணீர் விடுவார். முறை தவறி வாய்க்காலை வெட்டிவிட்டவர் ஊர்க்கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். இப்படி ஊரார் தாமே விதி வகுத்துக் காத்த பொதுவளங்களைப் பல நாடுகளிலிருந்து தொகுத்து அரசியல் அறிவியலாளர் எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் நூலாக்கினார். ‘நிர்வகிக்கப்படாத’ என்ற அடைமொழியை விட்டது தன் பெரும்பிழை என்று ஹார்டினே 1998இல் அதே இதழில் எழுதினார். அது வேறு கட்டுரை என்பதால் மேலுள்ள சுருக்கத்தில் சேர்க்கவில்லை.