இரட்டை முடிச்சு

திருக்கார்த்திகை. தக்கலையில் சரசு வீட்டு அடுக்களையில் பனங்குருத்தோலை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கித் துடைத்துக் கிடந்தது. மூன்று கப் வறுத்த பச்சரிசி மாவு, ஒன்றரை கப் கருப்பட்டிப் பாகு, ஒரு மூடித் தேங்காய்த் துருவல், வறுத்த சிறுபயறு ஒரு கை, சுக்கு, ஏலம்.

“மைனி, மாவு இளகிப் போச்சே,” என்றாள் ஓலை மடிக்க வந்த பக்கத்து வீட்டு ரம்லா.

பாகை ஒரேயடியாக ஊற்றிய வினை. துருவலும் நீர் விடும். அதைக் கணக்கில் வைக்கிறவர்கள் குறைவு. இளகிய மாவு வெந்ததும் ஓலையோடு பிய்ந்து வரும். இறுகினால் ஆறியதும் கல். ரம்லா வறுத்த மாவு இரண்டு பிடி தூவிப் பிசைந்தாள். விரலில் ஒட்டாமல் உருண்டை நின்றது.

மடிப்புக்குள் மாவை அமுக்கி, மேலே இன்னொரு ஓலை வைத்து நாரால் கட்டினார்கள். ரம்லாவின் மகள் சபீனாவும் கட்டினாள்.

“மாமி, சிலதுக்கு மட்டும் ஏன் ரெண்டு முடிச்சு?”

“அது ஒங்களுக்குள்ளது மக்களே. சாமிக்கு வைக்க மாட்டேன்.”

“வச்சா என்ன?”

சரசு ரம்லாவைப் பார்த்தாள். “படைச்சதை நம்ம திங்கக்கூடாது பிள்ளே,” என்றாள் ரம்லா. “அல்லாவுக்கு இல்லாம வேற பேருக்குக் கொடுத்ததாயிடும். அதுக்காக மாமிகிட்ட பிணக்கா நமக்கு?”

திண்ணையிலிருந்து சரசுவின் மாமியார் குரல் கொடுத்தாள். முட்டை தொடாதவள். வட்டிலப்பத்தில் முட்டை உண்டென்று, பெருநாளைக்கு ரம்லா அவளுக்கென்று தனியாகக் கடல்பாசி காய்ச்சுவாள். பாசி என்றால் மீன் வாடை வருமே என்று முதல் வருசம் மோந்து பார்த்துவிட்டுத்தான் தின்றாள். இப்போது கிண்ணத்தை வழித்துவிடுகிறாள்.

“எளா ரம்லா, ஒங்க பெருநாளு ஏன் வருசா வருசம் முன்னால முன்னால ஓடுது?”

“பிறைக் கணக்குல்லா பாட்டி. வருசத்துக்கு 354 நாளு, சிலப்போ 355. பத்துப் பதினோரு நாளு முந்தி வந்துரும்.”

“நாங்களும் நிலாவைத்தானே பாக்கோம். கார்த்திகை மாசத்தை விட்டுப் போகலியே!”

“நம்ம மாசம் சூரியக் கணக்கு அத்தை,” என்றாள் சரசு. “அந்த மாசத்துக்குள்ள வாற கார்த்திகை நட்சத்திரந்தான் நமக்கு.”

“அப்போ எங்க நோம்பு மழையிலயும் வரும், வெயில்லயும் வரும்,” என்று சிரித்தாள் ரம்லா.

இருபது நிமிடம் கழித்து மூடியைத் திறந்தபோது ஓலை பழுத்து, கருப்பட்டி மணம் திண்ணை வரை போனது. பன்னிரண்டு கொழுக்கட்டை. பன்னிரண்டிலும் இரண்டு முடிச்சு.

சபீனா உம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்தாள். “அழகா இருந்துச்சுன்னு எல்லாத்துக்கும் போட்டேன்.”

“வெளக்கு ஏத்தினியா?” என்றாள் மாமியார்.

“இல்ல அத்தை.”

“பின்னே என்ன? எது யாருக்குன்னு இன்னும் ஆகலியே.”

சரசு ஆறை எடுத்து ரம்லாவின் கிண்ணத்தில் போட்டாள். ரம்லா படியிறங்கியதும் தீப்பெட்டியைத் தேடினாள்.