மருந்தியல் அசைன்மென்ட்: மூன்று கணக்குகள்

மூன்று கணக்கிலும் ஒரே வழியில்தான் போயிருக்கிறேன்: எந்த எண்ணையும் அலகு இல்லாமல் தனியாக விடவில்லை.

முதல் கணக்கு, 12 கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால். 12-ஐ 15-ஆல் பெருக்கினால் 180 மி.கி., அதில் சிக்கல் இல்லை. ஆனால் எத்தனை மில்லி என்பதைப் பாட்டில்தான் சொல்லும். 5 மில்லியில் 125 மி.கி. உள்ள சிரப் என்றால் 7.2 மில்லி, 250 மி.கி. உள்ளது என்றால் 3.6 மில்லி, ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும் சொட்டு மருந்து என்றால் வெறும் 1.8 மில்லி. அந்தச் சொட்டு மருந்தை யாராவது 7.2 மில்லி ஊற்றிவிட்டால் 720 மி.கி., அதாவது சொன்ன அளவைப்போல நான்கு மடங்கு. அதனால் லேபிளில் இருந்த அளவையும் விடைக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது, 500 மில்லி நார்மல் சலைன் 4 மணி நேரத்தில். டிரிப் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. 500 × 20 = 10,000 சொட்டு, 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67, சொட்டைப் பாதியாக எண்ண முடியாது என்பதால் நிமிடத்துக்கு 42.

மூன்றாவது டோபமின். நோயாளி 60 கிலோ, ஆர்டர் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம். 200 மி.கி. ஆம்பூல் 5 மில்லி, அதோடு 45 மில்லி சலைன் சேர்த்து மொத்தம் 50 மில்லி சிரிஞ்சில்.

```
200 mg / 50 ml = 4 mg/ml = 4000 mcg/ml
5 × 60 = 300 mcg/min
300 × 60 = 18000 mcg/hr
18000 / 4000 = 4.5 ml/hr
```

முதல் தடவை போட்டபோது மூன்றாவது வரியை விட்டுவிட்டேன், 300-ஐ நேராக 4000-ஆல் வகுத்ததில் 0.075 வந்தது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அப்படியே எழுதிக் கொடுத்திருப்பேன். அலகுகளை வெட்டிப் பார்த்தபோது மிஞ்சியது `ml/min`, சிரிஞ்ச் பம்ப் கேட்பதோ `ml/hr`. அப்புறம்தான் 60-ஆல் பெருக்கவில்லை என்று புரிந்தது. மைக்ரோகிராமுக்குக் கையெழுத்தில் µ போடாமல் `mcg` என்றே எழுதியிருப்பதற்கும் காரணம் உண்டு, அவசரத்தில் அந்த µ ஒரு m மாதிரித் தெரிந்தால் அளவு ஆயிரம் மடங்கு மாறிவிடும்.

சரி பார்க்க வேறு பக்கத்திலிருந்தும் போட்டேன். மணிக்கு 18 மி.கி. போனால் 200 மி.கி. 11.1 மணி நேரம் வரும், 50 மில்லியை 4.5-ஆல் வகுத்தாலும் அதே 11.1. காலை 8 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 7 மணி தாண்டியதும் சிரிஞ்ச் காலியாகும், டோபமின் நடுவில் நின்றால் பி.பி. இறங்கிவிடும் என்பதால் அடுத்த சிரிஞ்சை ஆறரைக்கே தயார் செய்து லேபிள் ஒட்டி வைக்க வேண்டும்.