நன்றி சொல்ல வந்திருக்கிறேன்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வட்டாரத்து அம்மா, ஐயா, அண்ணாமார், அக்காமார், நானாமார், தம்பி தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம்.

மே 6ஆம் திகதி நீங்கள் போட்ட புள்ளடியால் நான் கொழும்பு மாநகர சபைக்குப் போகிறேன். வீடு வீடாக வந்து நன்றி சொல்லத் தொடங்கிவிட்டேன். எல்லா வாசலுக்கும் வந்து சேர நாளாகும், அதனால்தான் இந்தக் கடிதம்.

அன்று காலை எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டு ஆச்சி, பேத்தியின் தோளைப் பிடித்தபடி வாக்களிக்கப் போனார். வாக்காளர் அட்டையை சொப்பிங் பேக்கில் சுற்றி நெஞ்சோடு வைத்திருந்தார். யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். அந்த அட்டையை அவர் பிடித்திருந்த விதம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

எனக்கு வாக்களிக்காதவர்களும் இதே ஒழுங்கைகளில்தான் இருக்கிறீர்கள். கதவைத் தட்ட யோசிக்க வேண்டாம். என்னோடு போட்டியிட்ட மற்ற வேட்பாளர்களையும் நேரில் போய்ப் பார்த்தேன். இந்த வட்டாரத்தில் என்னைவிட அதிக காலம் வேலை செய்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களிடம் கேட்டுத்தான் பல விஷயங்களைப் படிக்க வேண்டும்.

2023 மார்ச்சில் பழைய சபையின் காலம் முடிந்தது. அதன்பின் இரண்டு வருடத்துக்கு மேலாக, ஒரு தெரு லைட் எரியாவிட்டால்கூட போய்ச் சொல்ல உங்களுக்கென்று ஓர் உறுப்பினர் இருக்கவில்லை. பிரசாரத்துக்கு வந்தபோது ஓர் அக்கா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போனார். மழைக்குக் கான் தண்ணீர் உள்ளே வருவதால், அரிசி மூட்டை நான்கு செங்கல்லுக்கு மேலே இருந்தது. சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரக்கோடு. அன்று அவரிடம் "பார்க்கிறேன் அக்கா" என்று மட்டும்தான் சொன்னேன்.

கான், குப்பை, தெரு லைட், ஒழுங்கைப் பாதை ஆகியவை மாநகர சபையின் வேலை. இவற்றுக்காக நான் திரும்பத் திரும்பக் கேட்பேன். குடிதண்ணீர், மின்சாரம், வீட்டு உறுதி ஆகியவை வேறு திணைக்களங்களின் கையில். அவற்றுக்குக் கடிதம் எழுதித் தருவேன், கூடவும் வருவேன். முடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. என் பெயர் அச்சடித்த துண்டுப்பிரசுரங்களும் கானுக்குள் கிடந்தன. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தம்பிமார் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்துவிட்டார்கள். மீதியை வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு எடுக்கிறோம். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன் முடிக்க வேண்டும். மண்வெட்டி இருப்பவர்கள் கொண்டு வாருங்கள், தேத்தண்ணி எங்கள் வீட்டில்.

இந்தக் கடிதத்தைச் சிங்களத்திலும் எழுதி அயலவர்களுக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வட்டார உறுப்பினர்