உடல் தானம்: குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதம்

மதுரை, 12.3.2024

பெறுநர்:
உடற்கூறியல் துறைத் தலைவர்,
மதுரை மருத்துவக் கல்லூரி.

மதிப்பிற்குரியீர்,

எங்கள் தந்தை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சு. வேலாயுதம் (வயது 81), இன்று அதிகாலை 4 மணியளவில் எங்கள் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். தம் உடல் மருத்துவ மாணவர்களின் படிப்புக்குப் பயன்பட வேண்டுமென 2016-இல் இரு சாட்சிகள் முன்னிலையில் விருப்ப உறுதிமொழியில் கையொப்பமிட்ட அவர், அதைக் குடும்ப அட்டையோடு சேர்த்தே பத்திரப்படுத்தி, உறவினர் யார் மறுத்தாலும் நாங்கள் பின்வாங்கக் கூடாதென்று பலமுறை வற்புறுத்தியிருந்தார். அதன்படி, அவருடைய மனைவியும் மக்களுமாகிய நாங்கள் முழு மனத்துடன் அவர் உடலைத் தங்கள் துறையிடம் ஒப்படைக்கிறோம். பின்னர் திரும்பக் கோரமாட்டோம். கண்கள் காலையிலேயே தானமாக அளிக்கப்பட்டன.

மருத்துவர் அளித்த இறப்புச் சான்று, உறுதிமொழி, ஆதார் நகல்கள் ஆகியவற்றை இணைத்துள்ளோம். பிற்பகல் 3 மணிக்கு உடலைக் கொண்டுவருகிறோம். பெற்றுக்கொண்டு ஒப்புகைச் சான்று வழங்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வே. கமலம் (மனைவி)
வே. இளங்கோ (மகன்)
வே. தமிழ்ச்செல்வி (மகள்)